டச்சு படிக்கும்போது ஆங்கிலம் ஏன் குறுக்கே வருகிறது? இரண்டு மொழிச் சொற்களும் மனதில் ஒரே இடத்திலா இருக்கின்றன?

வைகைக்கரை

வணக்கம். மதுரைக்காரன், நெதர்லாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. டச்சு ஓரளவு படிப்பேன், தட்டுத் தடுமாறிப் பேசுவேன். ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதை அரிக்கிறது.

போன வாரம் கடையில் பால் வைக்கும் குளிர்பெட்டி முன்னால் நின்றேன். ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் நான்கே எழுத்து. ஆங்கிலத்தில் ரூம் என்று படிக்கிற அதே நான்கு எழுத்துதான். டச்சில் அதை ரோம் என்று படிக்க வேண்டும், பொருள் பாலாடை. எனக்கு இது நன்றாகத் தெரியும், நூறு தடவை வாங்கியிருக்கிறேன். ஆனாலும் கண்ணில் பட்டவுடன் "அறை" என்பதுதான் வருகிறது, அதற்குப் பிறகுதான் பாலாடை. ரயில் நிலையத்தில் டிராப் என்று எழுதியிருக்கும். அங்கே அது மாடிப்படி, ஆனால் எனக்கு முதலில் எலிப்பொறிதான் தோன்றும். ஸ்லிம் என்றால் டச்சில் புத்திசாலி. என் மேலாளர் என்னைப் பற்றி எழுதிய ஒரு வரியில் அதைப் பார்த்துவிட்டு, நான் மெலிந்துவிட்டேன் என்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

சுற்றிலும் இருக்கும் டச்சுக்காரர்கள் எல்லாருக்கும் ஆங்கிலம் சரளம். அவர்களுக்கு இப்படி ஆவதில்லை. ஆங்கிலத்தை அணைத்துவிட்டுத்தான் டச்சைப் படிக்கிறார்களா? அப்படி அணைக்க முடியுமா? எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

கணக்குவாத்தியார்

தம்பி, இதற்கு 1953-லேயே வைன்ரைக் என்ற மொழியியலாளர் விடை எழுதிவிட்டார். ஒருவர் இரண்டு மொழியையும் தனித்தனிச் சூழலில் கற்றால் மனதில் இரண்டு தனி அலமாரி உருவாகும். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கற்றால், புது மொழிச் சொல் பழைய மொழிச் சொல்லின் முதுகில் ஏறித்தான் பொருளுக்குப் போகும். நீங்கள் டச்சை ஆங்கில வழியாகக் கற்றிருப்பீர்கள், அதனால் ஆங்கில அலமாரியைத் திறக்காமல் டச்சு அலமாரிக்குள் நுழைய முடியவில்லை. டச்சுக்காரர் சின்ன வயதிலேயே தனித்தனியாகக் கற்றதால் ஒரு அலமாரியைப் பூட்டிவிட்டு மற்றொன்றைத் திறக்கிறார். இன்னும் நாலைந்து வருடம் போனால் உங்களுக்கும் சரியாகிவிடும்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இந்தச் சிக்கலே வராது என்பதையும் கவனியுங்கள். எழுத்தே வேறு. "அறை" என்று தமிழில் பார்த்தால் ஆங்கில அலமாரி அசையவே அசையாது.

யாழ்நங்கை

நல்ல நேரத்தில இந்த இழையைப் பார்த்தன். என்ர மகனுக்கு நாலு வயது, நாங்கள் கனடாவில இருக்கிறம். வீட்டில தமிழ், பாலர் வகுப்பில ஆங்கிலம். அவன் ஒரு வசனத்திலயே இரண்டையும் கலந்து கதைக்கிறான். "அம்மா, என்ர ஷூ எங்க கோன்?" எண்டு கேக்கிறான். ஒரு இடத்தில, வீட்டில தமிழை நிப்பாட்டுங்கோ, பிள்ளை குழம்புது எண்டு சொல்லிப்போட்டினம். அண்டைக்கு இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. நீங்கள் சொல்லுற அலமாரி அவனுக்கு இன்னும் பிரியேல்லை எண்டுதானே இதுக்கு அர்த்தம்?

முகில்வாணி

முதலில் யாழ்நங்கை அக்காவுக்கு. இந்த இழையின் கேள்வி வேறு. இங்கே பேசுவது, ஒரு சொல்லைப் பார்த்த அரை நொடிக்குள் மனதில் நடப்பதைப் பற்றி. பிள்ளைகள் மொழி கலந்து பேசுவது வேறு விஷயம். இரண்டு மொழிக்குள் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படிப் பேசுவார்கள், பெரியவர்களான நாமும் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறோம். அவன் தமிழ் வாக்கியத்துக்குள் ஆங்கிலச் சொல்லை அதற்குரிய இடத்தில் வைக்கிறான் என்றால் இரண்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழியிலும் சேர்த்தே பேச்சு குறைவாக இருந்தால் மட்டும் காது கேட்கும் சோதனையும் பேச்சுச் சோதனையும் செய்து பாருங்கள். அப்போதும் தமிழை விடத் தேவையில்லை.

இனி வைகைக்கரையின் கேள்வி. நான் சில வருடம் இந்த ஆய்வுக்கூட வேலையைச் செய்தவள். நீங்கள் கடையில் அனுபவித்ததை அதே டச்சு, ஆங்கிலச் சொற்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். நைமேகன் பல்கலைக்கழகத்தில் டைக்ஸ்ட்ராவும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று சோதனைகள். அவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டச்சைத் தாய்மொழியாகக் கொண்ட, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மாணவர்களைத் திரை முன்னால் உட்கார வைத்தார்கள். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டம் வரும். அது ஆங்கிலச் சொல் என்றால் ஒரு பொத்தான், இல்லையென்றால் இன்னொரு பொத்தான். எவ்வளவு வேகமாக அழுத்துகிறார்கள் என்பதை மில்லிநொடிக் கணக்கில் அளப்பார்கள். பட்டியலுக்குள் ரூம் மாதிரி இரண்டு மொழியிலும் ஒரே எழுத்து, வேறு வேறு பொருள் உள்ள சொற்களை நுழைத்திருந்தார்கள். இவற்றை இங்கே இரட்டைச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சோதனையில் ஆங்கிலச் சொற்களும், ஆங்கிலம் மாதிரி தெரியும் பொருளற்ற எழுத்துக்கூட்டங்களும் மட்டும் இருந்தன. டச்சுச் சொல் என்று தனியாக ஒன்றும் வரவில்லை. இரட்டைச்சொற்களுக்கும் சாதாரண ஆங்கிலச் சொற்களுக்கும் வேகத்தில் வித்தியாசம் தென்படவில்லை.

இரண்டாம் சோதனையிலும் அதே வேலைதான். ஆனால் பட்டியலில் தூய டச்சுச் சொற்களையும் கலந்தார்கள். கேட்பது "ஆங்கிலச் சொல்லா" என்பதால் அவற்றுக்கு "இல்லை" என்று அழுத்த வேண்டும். இப்போது இரட்டைச்சொற்களில் மாணவர்கள் நன்றாகவே தடுமாறினார்கள். ஆங்கிலப் பொருள் அரிதாகப் புழங்குவதாகவும் டச்சுப் பொருள் அன்றாடம் புழங்குவதாகவும் இருந்த சொற்களில் தாமதம் மிக அதிகம்.

மூன்றாம் சோதனையில் கேள்வியை மாற்றினார்கள். எந்த மொழியானாலும் சரி, சொல் என்றால் "ஆம்". அதே இரட்டைச்சொற்கள் இப்போது மற்றச் சொற்களைவிட வேகமாகப் போயின.

அதே ஊர் மாணவர்கள், அதே மாதிரிச் சொற்கள். ஆனால் ஒரு தடவை வித்தியாசமில்லை, ஒரு தடவை தாமதம், ஒரு தடவை வேகம். அலமாரியைப் பூட்டும் கதையால் இந்த மூன்றையும் சேர்த்து விளக்க முடியாது. இரண்டு பொருளும் ஒவ்வொரு தடவையும் எழுகின்றன என்று வைத்துப் பாருங்கள். இரண்டாம் சோதனையில் ஒன்று "ஆம்" என்கிறது, மற்றது "இல்லை" என்கிறது, கை தயங்குகிறது. மூன்றாவதில் இரண்டும் "ஆம்" என்கின்றன, எது முதலில் வந்தாலும் கை அழுத்திவிடுகிறது.

வைகைக்கரை, நீங்கள் குளிர்பெட்டி முன்னால் செய்தது இரண்டாம் சோதனை. உங்களுக்கு அறை என்ற பொருள் பல்லாயிரம் தடவை பழகியது. பாலாடை என்பது மூன்று வருடப் பழக்கம், அதுவும் கடைக்குப் போகும்போது மட்டும். அடிக்கடி புழங்கியது முதலில் எழும்பும். டச்சுக்காரர்களிடமும் இரண்டும் எழுகின்றன, பலம்தான் அவர்களிடம் வேறு பக்கம் இருக்கிறது. அவர்களுக்கு ஏற்படும் தாமதம் சில பத்து மில்லிநொடி. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமில்லை, அவருக்கே அது தெரியாது.

வைகைக்கரை

அக்கா, மிக்க நன்றி. மூன்று வருடமாக என் மூளையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் வேறொன்றும் புரிகிறது. அலுவலகத்தில் முழுக்க ஆங்கில அறிக்கை படிக்கும்போது ரூம் என்ற சொல் வந்தால் எனக்குப் பாலாடை நினைவுக்கே வராது. கடையில் மட்டும்தான் இந்தக் குழப்பம். அங்கே இரண்டு மொழி எழுத்தும் கலந்து கிடக்கிறது, அதனால் இருக்குமா?

கணக்குவாத்தியார்

முகில்வாணி அம்மா விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் கட்சிக்கு ஆதரவு இருக்கிறது. முதல் சோதனையில் வித்தியாசமே இல்லை என்கிறீர்கள். பட்டியலில் முழுக்க ஆங்கிலம், எனவே டச்சு அலமாரி பூட்டியிருந்தது. இரண்டாவதில் டச்சுச் சொற்களைக் கொண்டுவந்து நீங்களே பூட்டை உடைத்தீர்கள். தம்பி இப்போது எழுதியதும் அதைத்தான் காட்டுகிறது. பூட்டு இருக்கிறது, சூழல்தான் சாவி. இதில் எங்கே பிழை?

முகில்வாணி

ஐயா, இது நல்ல கேள்வி. இந்தத் துறையில் உள்ளவர்களே பல வருடம் வாதாடிய கேள்வி.

அந்த முதல் சோதனையில் இன்னொரு வகைச் சொல்லும் இருந்தது, அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஃபிலிம், ஹோட்டல் மாதிரி இரண்டு மொழியிலும் எழுத்தும் ஒன்று, பொருளும் ஒன்றாக இருப்பவை. அதே மாணவர்கள், அதே உட்காரலில், இந்தச் சொற்களுக்கு மட்டும் வேகமாகப் பதில் சொன்னார்கள். டச்சு பூட்டியிருந்தால் அவர்களுக்கு ஹோட்டலும் இன்னொரு ஆங்கிலச் சொல்தான், வேகம் கூடக் காரணம் இல்லை. ஆகவே அங்கேயும் டச்சு விழித்துத்தான் இருந்தது. இரட்டைச்சொற்களில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், டச்சுப் பொருள் எழுந்தாலும் அதற்கு "இல்லை" என்று சொல்ல வேண்டிய வேலை அந்தப் பட்டியலில் இல்லை.

2000-இல் அதே குழு இதை இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: "டச்சுச் சொற்களும் வரும், அவற்றுக்கு இல்லை என்று அழுத்துங்கள்." ஆனால் பட்டியலின் முதல் பாதியில் ஒரு டச்சுச் சொல்கூட வரவில்லை. இரண்டாம் பாதியில்தான் வந்தன. முதல் பாதியில் இரட்டைச்சொற்களில் தாமதம் இல்லை. டச்சுச் சொற்கள் வர ஆரம்பித்த பிறகே தாமதம் வந்தது. எச்சரிக்கையால் எதுவும் மாறவில்லை, கண்ணெதிரே வந்த சொற்கள்தான் மாற்றின. மனதில் ஒரு பூட்டு இருந்து அதை நாமே இயக்குகிறோம் என்றால், எச்சரிக்கை கேட்டவுடனேயே ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டைக்ஸ்ட்ராவும் வான் ஹூவனும் 1998-இல் கணினியில் ஒரு மாதிரியைக் கட்டினார்கள். எழுத்து சொல்லை எழுப்பும், சொல் தன் மொழியின் முடிச்சை எழுப்பும், அந்த மொழி முடிச்சு மற்ற மொழிச் சொற்களை அமுக்கும். அதாவது நீங்கள் சொல்கிற பூட்டின் மென்மையான வடிவம் ஒன்று அவர்களிடமே இருந்தது. 2002-இல் அதைத் திருத்தியபோது மொழி முடிச்சின் அந்த அமுக்கும் வேலையை எடுத்துவிட்டார்கள். சொல் எழுவது ஒரு பக்கம், எழுந்ததை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது வேறு பக்கம் என்று பிரித்தார்கள். வைகைக்கரை, உங்கள் அலுவலக அறிக்கைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

பொருநை

நான் மருத்துவமனைகளில் மொழிபெயர்த்துப் பேசும் வேலை செய்கிறேன். நோயாளி தமிழில் சொல்வார், நான் மருத்துவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லாரும் கண்ணால் படிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வேலை முழுக்கக் காது.

ஒரு நாள் மூட்டுவலிக்காரர் ஒருவருக்காகப் போயிருந்தேன். மருத்துவர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிக்கொண்டே முழங்காலுக்கான சொல்லைச் சொன்னார். என் காதில் "நீ" என்று விழுந்தது. என்னைத்தான் கேட்கிறார் என்று நிமிர்ந்து பார்த்துவிட்டேன். ஒரு நொடிதான், அதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார், எனக்கு நடுவில் நாலு சொல் போய்விட்டது. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் சரிசெய்தேன். நோயாளியின் வைத்தியம் ஆயிற்றே, ஊகித்துச் சொல்ல முடியாது.

தமிழ் எழுத்து வேறு, அதனால் சிக்கலே வராது என்று ஐயா எழுதியிருந்தார். காதுக்கு எழுத்து இல்லையே?

முகில்வாணி

பொருநை, உங்கள் வேலையில் இது தினமும் நடக்கும். காதில் சொல் முழுசாக வந்து சேர்வதற்கு முன்பே மனம் தேட ஆரம்பித்துவிடும். முதல் அசை விழுந்ததும் அதில் தொடங்கும் சொற்கள் இரண்டு மொழியிலிருந்தும் எழும்.

ஆனால் காதுக்கு ஒரு துப்பு கிடைக்கிறது, அது எழுத்தில் இல்லாதது. ஜூ, லூஸ் என்ற இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஸ்பானிஷும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்குத் திரையில் சில படங்களைக் காட்டி, ஸ்பானிஷில் ஒரு சொல்லைச் சொல்லி, அவர்கள் கண் எந்தப் படத்துக்குப் போகிறது என்று பதிவு செய்தார்கள். கடற்கரைக்கு ஸ்பானிஷில் பிளாயா. ஆங்கிலத்தில் பிளையர்ஸ் என்றால் குறடு. கடற்கரைப் படத்தோடு குறடுப் படமும் இருந்தது. ஸ்பானிஷ்காரர் சொல்வது மாதிரி "பி" ஒலித்தபோது கண்கள் குறடுக்குப் போகவில்லை. ஒலிப்பதிவில் அந்த ஒரு ஒலியை மட்டும் ஆங்கிலக்காரர் சொல்வது மாதிரி மாற்றியபோது, சொல் ஸ்பானிஷாகவே இருந்தும், கண்கள் குறடைப் பார்க்கத் தொடங்கின.

என்ன வித்தியாசம் என்பதை இப்போதே நீங்கள் செய்து பார்க்கலாம். உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் வைத்து "பை" என்று தமிழில் சொல்லுங்கள். கையில் காற்று அநேகமாகப் படாது. இனி இங்கிலாந்துக்காரர் பை என்ற பண்டத்தின் பெயரைச் சொல்வதை நினைத்து, அதே மாதிரி சொல்லிப் பாருங்கள். ஒரு சிறு காற்று உள்ளங்கையில் வந்து அடிக்கும். உதடு திறந்த பிறகு குரல் தொடங்க அவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகிறது, அந்த இடைவெளியில் வெளியே வரும் காற்று அது. இந்தச் சிறு இடைவெளியைப் பிடித்தே காது எந்த மொழிச் சொற்களை எழுப்புவது என்பதைச் சாய்க்கிறது.

இதிலிருந்து நான் ஊகிப்பது ஒன்று உண்டு. நம்மவர்கள் ஆங்கிலம் பேசும்போது அந்தக் காற்றை விடுவதில்லை, தமிழ்ப் "ப"வையே ஆங்கிலத்துக்கும் வைத்துப் பேசுகிறோம். அப்படியானால் இங்கிலாந்து மருத்துவரைவிடச் சென்னை மருத்துவர் ஆங்கிலம் பேசும்போது உங்களுக்குத் தமிழ்ச் சொற்கள் அதிகம் எழ வேண்டும். "நீ"யில் அந்தத் துப்பு எப்படியும் இல்லை, ஏனென்றால் மூக்கொலிக்கு அந்த இடைவெளியே கிடையாது.

பொருநை

அந்த மருத்துவர் மதுரைக்காரர்தான்.

செங்காந்தள்

நான் மொழியியல் முதுகலை படிக்கிறேன். எழுத்து வேறாக இருந்தால் மற்ற மொழி அசையாது என்ற கூற்றை 2007-லேயே உடைத்துவிட்டார்கள்! தியரி, வூ என்ற இருவர், வேல்ஸில். சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் இரண்டிரண்டு ஆங்கிலச் சொற்களாகக் காட்டி, பொருளில் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். உதாரணமாக ரயில், அடுத்தது பன்றித் தொடைக்கறி. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் சீனத்தில் ரயில் ஹ்வோச்செ, அந்தக் கறி ஹ்வோத்வெய். இரண்டும் "நெருப்பு" என்ற ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. திரையில் சீனம் துளியும் இல்லை. பொத்தான் அழுத்தும் வேகத்திலும் அந்த ஒற்றுமையால் மாற்றம் இல்லை. ஆனால் தலையில் பொருத்திய மின்முனைகளில், இரண்டாவது சொல் தோன்றி நானூறு மில்லிநொடி வாக்கில் ஒரு அலை வரும், முந்திய சொல்லோடு தொடர்பு இருந்தால் அது சிறுக்கும். அந்த அலை, சீனத்தில் பொது எழுத்து உள்ள ஜோடிகளுக்குக் குறைந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. அதாவது அவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் சீனத்தில் மொழிபெயர்க்கிறார்கள். 2010-இல் அதே இருவர், எழுவது சீன எழுத்து இல்லை, சீன ஒலி என்றும் காட்டினார்கள். அப்படியானால் நாம் ஆங்கிலப் புத்தகம் படிக்கும்போது தமிழ் உள்ளே ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்பது நிரூபணம் ஆகிவிட்டது.

கணக்குவாத்தியார்

இது எனக்குப் புதிது. எழுத்தைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நாற்பது வருடம் ஆங்கிலத்தில் கணக்குப் புத்தகம் படித்தவன் நான், மனதுக்குள் பெருக்குவது இன்றைக்கும் தமிழ் வாய்ப்பாட்டில்தான். அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

முகில்வாணி

செங்காந்தள், அந்த ஆய்வு எனக்கும் மிகப் பிடித்தது. முடிவை நீங்கள் சொன்னது சரி. "நிரூபணம் ஆகிவிட்டது" என்பதில் மட்டும் நிதானம் வேண்டும்.

2017-இல் கோஸ்டாவும் சிலரும் ஒரு மாற்று விளக்கம் வைத்தார்கள். அந்த மாணவர் ஆங்கிலம் கற்ற நாட்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு புதுச் சொல்லையும் சீனச் சொல்லைப் பக்கத்தில் வைத்தே கற்றிருப்பார். ரயிலைக் கற்றபோது ஹ்வோச்செ எழுந்தது, அதோடு அதன் ஒலிக்கு நெருங்கிய ஹ்வோத்வெய்யும் கொஞ்சம் அசைந்தது. அப்படிப் பல தடவை நடந்ததால் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நடுவில், ஆங்கிலத்துக்குள்ளேயே, ஒரு மெல்லிய நூல் விழுந்துவிட்டது. இன்றைக்கு மின்முனை காட்டுவது அந்தப் பழைய நூலாக இருக்கலாம், இந்த நொடியில் சீனம் எழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்படி நடக்க முடியும் என்பதைக் கணினி மாதிரியிலும் காட்டினார்கள். தியரி, வூ தரப்பு அடுத்த வருடமே மறுப்பு எழுதியது. எனக்கு மறுப்பு வலுவாகப் படுகிறது, குறிப்பாக ஒலியைப் பற்றிய 2010 முடிவை வைத்துப் பார்த்தால். ஆனால் நான் மதிக்கும் சிலர் மறுபக்கம் நிற்கிறார்கள்.

வைகைக்கரை

எனக்கு ஒரு ஆசை. இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்தில் டச்சும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ரூம், டிராப், ஸ்லிம் மாதிரி இருபது சொல்லைச் சேர்த்து, மடிக்கணினியில் வேகம் அளந்து பார்க்கலாமா? செய்தால் என்னென்ன தவறாகப் போகும்?

முகில்வாணி

செய்யுங்கள். ஆனால் இரண்டு இடத்தில் எல்லாரும் சறுக்குவார்கள்.

ஒன்று, எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. டிராப் தாமதமானது என்று சொல்ல, அதற்கு ஒரு ஜோடிச்சொல் வேண்டும்: ஆங்கிலத்தில் அதே எழுத்து எண்ணிக்கை, அதே அளவு புழக்கம், ஆனால் டச்சில் சொல்லே இல்லை. புழக்கம் பொருந்தவில்லை என்றால் நீங்கள் அளப்பது இரட்டைப் பொருளை இல்லை, அந்தச் சொல் எவ்வளவு அரிது என்பதை. டச்சு, ஆங்கிலம் இரண்டுக்கும் திரைப்பட, தொலைக்காட்சி வசன எழுத்துகளிலிருந்து எண்ணிய புழக்கப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. `SUBTLEX-NL`, `SUBTLEX-UK` என்று தேடுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டச்சுப் பட்டியலின் எண்கள் டச்சுக்காரரின் வாழ்க்கையைக் காட்டுபவை. மூன்று வருடம் முன்பு வந்தவருக்கு மாடிப்படி என்ற பொருள் அந்த அளவு பழகியிருக்காது. அதனால் ஒவ்வொருவரிடமும் எத்தனை வருடம், எங்கே டச்சு பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

இன்னொன்று, பட்டியலில் எதைக் கலக்கிறீர்கள் என்பது. 2017-இல் போர்ட், ராட் என்ற இருவர் ஹோட்டல் மாதிரி பொருளும் எழுத்தும் ஒன்றான சொற்களை எடுத்து, இந்த வேகம் எப்போதும் வருமா என்று பார்த்தார்கள். பட்டியலில் "இல்லை" என்று அழுத்த வேண்டிய டச்சுச் சொற்களைக் கலந்ததும் அந்த வேகம் காணாமல் போனது. ஆகவே வேகத்தைக் கண்டாலும் தாமதத்தைக் கண்டாலும் "மனதின் களஞ்சியம் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது" என்று உடனே எழுதிவிடாதீர்கள். பாதி சொல்லை அறிவதில் நடந்தது, பாதி பொத்தானைத் தேர்வதில் நடந்தது. அந்த இரண்டையும் பிரிக்க எங்களுக்கே சுத்தமான வழி கிடையாது. குறைந்தது இரண்டு பட்டியல் வையுங்கள், ஒன்றில் டச்சுச் சொல் இல்லாமல், ஒன்றில் இருக்கும்படி. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள்.

செங்காந்தள்

அக்கா, தியரி, வூ செய்ததைத் தமிழில் செய்தால்? மின்முனை இல்லாவிட்டாலும் சொல் ஜோடிகளைத் தயார் செய்து வைக்கலாம். ஆங்கிலத்தில் காட்ட வேண்டும், தமிழில் தொடக்கம் ஒன்றாக இருக்க வேண்டும், பொருளில் தொடர்பு கூடாது. எனக்குத் தோன்றியவை: நிலா, நிலம். மரம், மரபு. விலை, விலங்கு. கடல், கடன்.

முகில்வாணி

கடல், கடன் அருமை. இரண்டுக்கும் தமிழில் வேறு சொல் யாருக்கும் சட்டென்று வராது, பொருளிலும் ஒட்டு இல்லை. நிலாவை எடுத்துவிடுங்கள், நிலவில் இறங்கியதைப் பற்றிப் படிக்காத ஆள் இல்லை, ஆங்கிலத்தில் இறங்குவதும் நிலமும் ஒரே சொல். மரமும் மரபும் சந்தேகம், ஆங்கிலத்தில் வம்சாவளியை மரமாக வரைவார்கள். விலங்கில் வேறு சிக்கல். அதன் ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு மிருகம்தான் வரும், அப்போது "வில" எங்கே ஒன்றாகும்? அதனால் சோதனை முடிந்த பிறகு அதே ஆட்களிடம் எல்லாச் சொல்லையும் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும். யாருக்கு மிருகம் வந்ததோ அவருடைய அந்த ஜோடியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

கணக்குவாத்தியார்

கதவு, கதை?

முகில்வாணி

நல்ல ஜோடி ஐயா. ஆனால் எழுவது எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பது அதில் வந்து நிற்கிறது. வீட்டில் நாம் "கதெ" என்கிறோம். சீனச் சோதனையில் எழுந்தது ஒலி என்றால், நமக்கும் பேச்சு வடிவம்தான் எழ வேண்டும். எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு தூரம் உள்ள மொழியில் எது எழுகிறது என்பது எனக்கே தெரிந்துகொள்ள ஆசையான கேள்வி.

யாழ்நங்கை

நான் கேட்டது வேற கேள்வி எண்டு விளங்கிச்சுது, பதிலுக்கு நன்றி தங்கச்சி. தமிழை நிப்பாட்டேல்லை. ஒண்டு மட்டும் சொல்லுறன். எங்கட பக்கத்தில கதை எண்டால் பேச்சும்தான். "என்ன கதை?", "கதைச்சனீங்களோ?" எண்டு நாள் முழுக்கச் சொல்லுவம். ஆங்கிலத்தில கதைக்குரிய சொல்லைக் காட்டினால் எனக்கு முதல்ல வாறது "கதை"யோ "கதைப் புத்தகமோ" எண்டு யோசிச்சுப் பாத்தன். புத்தகம்தான் வருது.

முகில்வாணி

அக்கா, அப்படியானால் மதுரைக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் போட வேண்டும். செங்காந்தள், கடல், கடன் ஜோடியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். யாழ்நங்கை அக்கா, உங்கள் ஊர்ச் சொல்லில் பத்து ஜோடி யோசித்து இங்கேயே போட முடியுமா?

யாழ்நங்கை

மகன் நித்திரை ஆனதும் எழுதிப் போடுறன்.